8 பேருக்கான சர்க்கரைப் பொங்கலை 14 பேருக்கு அளப்பது எப்படி?

"குறிப்பு 8 பேருக்கு எழுதியிருக்கிறது: பச்சரிசி ஒன்றரை கப், பாசிப்பருப்பு அரை கப், தூளாக்கிய வெல்லம் இரண்டேகால் கப், தண்ணீர் ஏழரை கப், நெய் ⅓ கப், முந்திரி இரண்டரை டேபிள்ஸ்பூன், ஏலக்காய்த் தூள் முக்கால் டீஸ்பூன், பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை. ஆடிப் பதினெட்டுக்கு வீட்டில் 14 பேர். 14-ஐ 8-ஆல் வகுத்தால் ஒன்றேமுக்கால். வெல்லத்துக்கு 2¼ × 1¾ போட்டால் எனக்கு 2 3/16 வருகிறது. எங்கே தப்பு? காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம், வீட்டில் 5 லிட்டர் குக்கர்தான்."

உங்கள் விடையைக் குறிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 8 பேருக்கு வெல்லம் 2¼ கப், அதாவது 2 4/16. உங்கள் கணக்கில் 14 பேருக்கு 2 3/16. ஆள் கூடியிருக்கிறது, வெல்லம் வீசம் குறைந்திருக்கிறது. பெருக்கி முடித்ததும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: ஆள் கூடினால் ஒவ்வொரு பொருளும் கூடியிருக்க வேண்டும். மடங்கு ஒன்றேமுக்கால் என்பதால், விடை குறிப்பில் உள்ளதைவிடக் கூடுதலாகவும் அதன் இரண்டு மடங்கைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். வெல்லம் 2¼-க்கும் 4½-க்கும் நடுவில், 4½-க்குப் பக்கமாக வந்தாக வேண்டும்.

நீங்கள் முழு எண்ணை முழு எண்ணோடு பெருக்கி 2 என்றும், பின்னத்தைப் பின்னத்தோடு பெருக்கி 3/16 என்றும் எடுத்து, இரண்டையும் சேர்த்திருக்கிறீர்கள். கூட்டல் கணக்கில் அப்படிப் பிரித்துச் செய்யலாம். பெருக்கலில் செய்தால் பாதி விட்டுப்போகும். இரண்டேகாலை ஒன்றேமுக்கால் மடங்கு ஆக்குவது என்றால், இரண்டு கப்பையும் ஒன்றேமுக்கால் மடங்கு ஆக்க வேண்டும், கால் கப்பையும் ஒன்றேமுக்கால் மடங்கு ஆக்க வேண்டும். இரண்டு கப்பின் ஒரு மடங்கு 2, அதன் முக்கால் 1½. கால் கப்பின் ஒரு மடங்கு ¼, அதன் முக்கால் 3/16. நீங்கள் முதலாவதையும் கடைசியையும் எடுத்துக்கொண்டு நடுவில் உள்ள 1½-ஐயும் ¼-ஐயும் விட்டுவிட்டீர்கள். விட்டுப்போனது மொத்தம் ஒன்றேமுக்கால் கப் வெல்லம். நாலையும் கூட்டினால் 3 15/16 கப்.

ஒவ்வொரு பொருளுக்கும் நாலு பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தால் எங்காவது ஒன்று நழுவும். அதனால் கலப்பு பின்னத்தை அப்படியே பெருக்காமல், முதலில் தகா பின்னமாக மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டேகால் கப் என்பது ஒன்பது கால் கப், 9/4. மடங்கை ஒன்றேமுக்கால் என்று எழுதவே வேண்டாம். 14/8-ஐச் சுருக்கினால் 7/4, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் பெருக்கினால் போதும்.

```
9/4 × 7/4 = 63/16 = 3 15/16
```

63-இல் 16 மூன்று தடவை போகிறது, மீதி 15. கலப்பு பின்னத்துக்குத் திரும்புவது இந்தக் கடைசி இடத்தில் ஒரே ஒரு தடவைதான்.

3 15/16 என்று பார்த்ததும் இதை எப்படி அளப்பது என்று தோன்றும். உண்மையில் இது அளக்க எளிய எண். வீசம் குறைய நாலு கப், அவ்வளவுதான். 240 மில்லி அளவுக் கப்பில் 16 டேபிள்ஸ்பூன் இருப்பதால் ஒரு வீசம் கப் என்பது சரியாக 1 டேபிள்ஸ்பூன். நாலு கப் அளந்து, அதிலிருந்து ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்துவிடுங்கள். நம் பழைய கணக்கில் கால், அரைக்கால், வீசம் என்று ஒவ்வொன்றும் முன்னதில் பாதியாக இறங்கும். கப் கணக்கில் கால் கப் 4 டேபிள்ஸ்பூன், அரைக்கால் கப் 2 டேபிள்ஸ்பூன், வீசம் கப் 1 டேபிள்ஸ்பூன். பகுதியில் 8-உம் 16-உம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஸ்பூன் அதற்குத்தான் இருக்கிறது.

தாளில் போட்டதைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. ஒன்றேமுக்கால் மடங்கு என்பது இரண்டு மடங்கில் கால் மடங்கு குறைவு. இரண்டேகாலின் இரண்டு மடங்கு நாலரை. இரண்டேகாலில் கால் பங்கு எவ்வளவு? இரண்டு கப்பில் கால் பங்கு அரை கப், கால் கப்பில் கால் பங்கு வீசம். ஆக அரையும் வீசமும். நாலரையில் அரை போனால் நாலு, வீசம் போனால் வீசம் குறைய நாலு. இது வேறு பாதையில் வந்த அதே விடை. இப்படி மனக்கணக்காகவே மற்றப் பொருள்களையும் போடலாம்.

அரிசி ஒன்றரை கப், 3/2. அதை 7/4-ஆல் பெருக்க 21/8, அதாவது இரண்டரை கப்பும் அரைக்காலும். இரண்டரை கப் அளந்து 2 டேபிள்ஸ்பூன் சேருங்கள். பருப்பு அரை கப், அது 7/8 ஆகிறது: முக்கால் கப்பும் 2 டேபிள்ஸ்பூனும். தண்ணீர் ஏழரை, அதாவது 15/2. பெருக்கினால் 105/8, பதிமூன்று கப்பும் அரைக்காலும். முந்திரி 35/8 டேபிள்ஸ்பூன் வரும், 4 டேபிள்ஸ்பூனும் 1 டீஸ்பூனும் போட்டால் போதும். முந்திரியில் வீசம் பார்ப்பதில் பயனில்லை.

நெய்யில்தான் பலர் தடுமாறுவார்கள், ஏனென்றால் ⅓ கப் கால், அரைக்கால் வரிசையில் சேராது. ⅓ × 7/4 = 7/12. 7/12-ஐ 6/12 + 1/12 என்று பிரித்தால் அரை கப்பும் பன்னிரண்டில் ஒரு கப்பும். ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 3 டீஸ்பூன் என்பதால் ஒரு கப்பில் 48 டீஸ்பூன் இருக்கிறது. அதில் பன்னிரண்டில் ஒன்று 4 டீஸ்பூன். ஆக நெய் அரை கப்பும் 4 டீஸ்பூனும். மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று வரும் இடத்திலெல்லாம் டேபிள்ஸ்பூனை விட்டு டீஸ்பூனுக்கு வந்துவிடுங்கள். 16 மூன்றால் வகுபடாது, 48 வகுபடும்.

எல்லாம் எழுதிய பிறகு, அடுப்பு பற்றவைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பெருக்கியதில் ஒன்று தப்பியிருந்தால் இது காட்டிக்கொடுக்கும். குறிப்பில் அரிசியும் பருப்பும் சேர்ந்து 2 கப், வெல்லம் 2¼ கப். அதாவது தானியத்தின் அளவும் அதில் அரைக்கால் பங்கும் சேர்ந்ததுதான் வெல்லம். உங்கள் புதிய அளவில் அரிசி 2⅝, பருப்பு ⅞, இரண்டும் சேர்ந்து சரியாக 3½ கப். மூன்றரையில் அரைக்கால் பங்கு 7/16. மூன்றரையோடு அதைச் சேர்த்தால் 3 15/16, நம் வெல்லம். முதலில் வந்த 2 3/16-ஐ இங்கே வைத்திருந்தால் தானியத்தைவிட வெல்லம் மிகக் குறைவாக நின்றிருக்கும், தப்பு உடனே தெரிந்திருக்கும். தண்ணீரையும் பாருங்கள். 2 கப் தானியத்துக்கு ஏழரை என்றால் கப்புக்கு 3¾. மூன்றரை கப்புக்கு 13⅛. சரியாக இருக்கிறது.

முழு எண்ணுக்குத் தள்ளுவது இந்த இடத்துக்குப் பிறகுதான். நடுவிலேயே தள்ளினால் பிழை பெருகும். சிலர் முதலில் ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்துப் பிறகு 14-ஆல் பெருக்குவார்கள். முறை தவறில்லை. ஆனால் 2¼-ஐ 8-ஆல் வகுத்து வரும் 0.28-ஐ "சுமாராக 0.3" என்று எழுதிக்கொண்டால், 14-ஆல் பெருக்கும்போது 4.2 வந்து நிற்கும். கால் கப்புக்கு மேல் வெல்லம் கூடிவிட்டது. 9/32 என்று பின்னமாகவே வைத்துப் பெருக்கினால் அதே 63/16 வரும்.

அளவு சரியாக வந்தாலும் கப் ஏமாற்றலாம். நாம் வெல்லத்தைப் பெரும்பாலும் உருண்டையாகவோ அச்சாகவோ வாங்கி வீட்டில் தட்டிக்கொள்கிறோம். பெரிய துண்டாக இருந்தால் கப்பில் இடைவெளி விழுந்து எடை குறையும். பொடியாக்கி அழுத்தினால் எடை ஏறும். 2 கப்பில் தெரியாத இந்த வித்தியாசம் 4 கப்பில் தெரியும். வீட்டில் தராசு இருந்தால் நீங்கள் வழக்கமாக அளக்கும் விதத்திலேயே ஒரு கப் வெல்லத்தை எடை போடுங்கள். 160 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 63/16 கப் என்றால் 160-ஐ 16-ஆல் வகுத்து 63-ஆல் பெருக்க வேண்டும்: 10 × 63 = 630 கிராம். எடைக்கு மாறிவிட்டால் பின்னம் தொல்லையே இல்லை. உங்கள் கப்பில் வரும் எடை வேறாக இருக்கலாம், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கப்புக்குப் பதில் டம்ளரால் அளப்பவர்களுக்கும் மடங்கு அதேதான். அரிசி, பருப்பு, வெல்லம், தண்ணீர், நெய் எல்லாவற்றுக்கும் அதே டம்ளர் என்றால் போதும். ஆனால் வீசத்துக்கு 1 டேபிள்ஸ்பூன் என்பது 240 மில்லி கப்புக்குத்தான் பொருந்தும். 200 மில்லி டம்ளரில் வீசம் 12½ மில்லி, ஸ்பூனைச் சற்றுக் குறைவாக எடுக்க வேண்டும்.

இனி குக்கர். இங்கே கணக்கு சரியாக இருந்தும் பொங்கல் கெடலாம், ஏனென்றால் உங்கள் குக்கர் ஒன்றேமுக்கால் மடங்கு ஆகவில்லை. குறிப்பில் உள்ள ஏழரை கப் தண்ணீர் 1.8 லிட்டர். அதில் 2 கப் தானியம் மூழ்கினால் ஏறக்குறைய 2.1 லிட்டர் வரும். 5 லிட்டர் குக்கரில் பாதிக்கும் கீழே, அதனால் பிரச்சினை இல்லை. 14 பேருக்கு 13⅛ கப் தண்ணீர் 3.15 லிட்டர், தானியத்தோடு 3.6 லிட்டருக்கு மேல் போகும். அரிசியும் பருப்பும் நுரைத்து உப்பும் என்பதால் அவற்றுக்குக் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மீறினால் கஞ்சி நுரை விசில் குழாயில் ஏறி, தண்ணீர் மூடி வழியாகச் சீறும். அந்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஆபத்து. சீறி வெளியே போனது நீங்கள் அளந்து ஊற்றிய தண்ணீர் என்பதால், உள்ளே அரிசி குறையாக வெந்து அடி பிடிக்கும்.

எனவே இரண்டு தடவையாக வேகவையுங்கள். 2⅝-ஐயும் ⅞-ஐயும் மறுபடி இரண்டால் வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். கழுவும் முன் அரிசியையும் பருப்பையும் ஒரே பாத்திரத்தில் நன்றாகக் கலந்து, மூன்றரை கப்பை ஒன்றேமுக்கால், ஒன்றேமுக்கால் கப்பாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் 105/16, அதாவது ஆறரை கப்பும் 1 டேபிள்ஸ்பூனும். விசில் எண்ணிக்கையைப் பெருக்காதீர்கள். 8 பேருக்கு எத்தனை விசிலோ, அதேதான் ஒவ்வொரு தடவையும். வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சூடு, ஆள் கணக்கு இல்லை.

திறந்த பாத்திரத்தில் செய்வதாக இருந்தால் தண்ணீரை முழுதாக ஆரம்பத்திலேயே ஊற்ற வேண்டாம். ஆவியாகிப் போகும் தண்ணீர் பாத்திரத்தின் வாய் அகலத்தையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் பொறுத்தது. அது 7/4 மடங்கு கூடும் என்று சொல்ல முடியாது. 12 கப் ஊற்றி, மீதி ஒன்றும் அரைக்காலும் கப்பைத் தனியாகக் கொதிக்கவைத்து, அரிசி கேட்கக் கேட்கச் சேருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி நின்றுபோகும். ஓசூர்ப் பக்கம் செய்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேவைப்படலாம். அங்கே உயரம் ஏறக்குறைய 900 மீட்டர் என்பதால் தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதிக்கிறது, பருப்பு மெல்ல வேகும். பச்சரிசிக்குப் பதில் சாமை போடுபவர்கள் மடங்கை இதே 7/4-ஆக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீருக்குச் சாமைக் குறிப்பின் விகிதத்தை எடுக்க வேண்டும், இந்த 3¾ பொருந்தாது.

இரண்டு தடவை வெந்ததையும் குறைந்தது 6 லிட்டர் கொள்ளும் அடிகனமான பாத்திரத்தில் சேர்த்து, சூட்டோடு மசித்துவிட்டுத்தான் வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். வெல்லம் விழுந்த பிறகு அரிசி மேலும் வேகாது, அரை வேக்காட்டில் நின்றது அப்படியே நின்றுவிடும். இரண்டு விரலால் நசுக்கினால் நடுவில் கடினம் இல்லாமல் மாவாக வர வேண்டும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்ட ஊற்றும் தண்ணீர் உங்கள் பட்டியலில் இல்லை, இருந்தாலும் அதை மடங்கால் பெருக்கத் தேவையில்லை. வெல்லம் கரையும் அளவுக்கு முக்கால் கப்போ ஒரு கப்போ போதும். கூடுதலாக ஊற்றினால் அதை வற்றவைக்க அடுப்பில் நிற்கும் நேரம்தான் கூடும். ஆறும்போது பொங்கல் இறுகும் என்பதால், இறக்கும்போது கரண்டியிலிருந்து கட்டியாக விழாமல் தளர்ந்து சரிய வேண்டும்.

ஏலக்காய் 21/16 டீஸ்பூன் வருகிறது. டீஸ்பூனில் வீசம் அளக்க முடியாது, ஒன்றேகால் போடுங்கள். இங்கே கீழே தள்ளுவதுதான் நல்லது, வேண்டுமானால் இறக்கும்போது கொஞ்சம் தூவலாம். பச்சைக் கற்பூரத்தை மடங்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். "ஒரு சிட்டிகை" என்பது அளவே இல்லை, ஒருவர் விரலில் கடுகளவு, இன்னொருவர் விரலில் மிளகளவு. மிஞ்சினால் கசந்து, மொத்தப் பொங்கலையும் கெடுக்கும். 8 பேருக்குப் போடும் அதே அளவைப் போட்டுக் கிளறி, மணம் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் மிகச் சிறிது சேருங்கள்.

ஆடிப் பதினெட்டுக்கு எண்ணிக்கை கடைசி நேரத்தில் மாறலாம். 14-இல் 4 பேர் சிறு பிள்ளைகள் என்றால் அவர்களைப் பாதியாகக் கணக்கிட்டு 12 என்று எடுத்துக்கொள்ளலாம், அப்போது மடங்கு 3/2. ஒருவேளை 17 பேர் ஆகிவிட்டால், 14-க்குத் தள்ளி எழுதிய அளவுகளிலிருந்து மறுபடி கணக்குப் போடாதீர்கள். முதல் குறிப்புக்கே போய் 17/8-ஆல் பெருக்குங்கள். அரிசி 3/2 × 17/8 = 51/16, மூன்று கப்பும் 3 டேபிள்ஸ்பூனும். வெல்லம் 9/4 × 17/8 = 153/32, அதாவது 4 25/32. 4¾-க்கு மேல் வீசத்தில் பாதி வந்து நிற்கிறது, அது ஒன்றரை டீஸ்பூன்தான் என்பதால் அதை விட்டு 4¾ கப் எடுத்துக்கொள்ளலாம். தானியம் 17/4, நாலேகால் கப். அதோடு அதில் அரைக்கால் பங்கைச் சேர்த்தால் 4 25/32 வருகிறதா என்று பாருங்கள். அந்த அளவுக்கு 5 லிட்டர் குக்கரில் இரண்டு தடவையும் பாதிக்குள்தான் நிற்கும், ஒவ்வொன்றும் இரண்டும் அரைக்காலும் கப் தானியம், தண்ணீர் எட்டு கப்புக்கு அரை டேபிள்ஸ்பூன் குறைவு.